ரவுண்டாக ஒரு லட்சம் வந்தால்: பகுதிப் பணத்தை எந்தெந்த பில்லில் வரவு வைத்தோம் என்று வாடிக்கையாளருக்குச் சொல்வது எப்படி

வெள்ளிக்கிழமை பிற்பகல் பேங்க் ஸ்டேட்மென்ட்டைத் திறக்கிறீர்கள். திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றிடமிருந்து என்.இ.எஃப்.டி.யில் ரவுண்டாக ஒரு லட்சம் ரூபாய் வந்திருக்கிறது. அவர்கள் பெயரில் நான்கு பில் பாக்கி நிற்கிறது. எந்த பில்லும் தனியாக ஒரு லட்சம் இல்லை. எந்த இரண்டைக் கூட்டினாலும் ஒரு லட்சம் வரவில்லை. வசூல் கணக்கு பார்க்கும் வேலைக்குப் புதிதாக வந்தவர் முதல் வாரத்திலேயே இப்படி ஒன்றைச் சந்தித்துவிடுவார்.

பணத்தை எந்த பில்லில் போடுவது என்பது பாதி வேலைதான். அதை எப்படிப் போட்டோம் என்று எதிர்த்தரப்புக் கணக்காளருக்கு எழுதிச் சொல்வது மீதிப் பாதி. அதைச் செய்யாமல் விட்டால், நம் லெட்ஜரில் ஒரு பில் அடைந்திருக்கும், அவர்கள் லெட்ஜரில் வேறொரு பில் அடைந்திருக்கும். மொத்தப் பாக்கி இரண்டிலும் ஒன்றாகவே இருப்பதால் பல மாதங்களுக்கு யாருக்கும் தெரியாது. மார்ச் மாதம் ஆடிட்டர் பில்வாரியாகக் கேட்கும்போதுதான் வெடிக்கும்.

நான் கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு அட்டைப்பெட்டி ஆலையில் கணக்குப் பார்க்கிறேன். மேலே சொன்ன ஒரு லட்சம் எங்களுக்கு வந்ததுதான். அதில் நான் ஒரு தப்பும் செய்தேன். அந்தக் கணக்கையே எடுத்துக்கொண்டு போகலாம்.

முதலில் பாக்கியைச் சுத்தமாக்குங்கள்

பணம் வந்த ஆகஸ்ட் 8 அன்று அந்த வாடிக்கையாளரின் பாக்கி இப்படி இருந்தது. கடன் நாள் 30.

| பில் | பில் தேதி | கெடு | பில் தொகை |
|---|---|---|---|
| 412 | ஜூன் 3 | ஜூலை 3 | 48,600 |
| 437 | ஜூன் 19 | ஜூலை 19 | 62,250 |
| 451 | ஜூலை 5 | ஆகஸ்ட் 4 | 35,400 |
| 468 | ஜூலை 22 | ஆகஸ்ட் 21 | 54,750 |

கூட்டினால் 2,01,000. ஆனால் இது உண்மையான பாக்கி இல்லை. 437-ஆம் பில் சரக்கு போன அன்று மழை. லாரியில் தார்ப்பாய் சரியாகப் போடாததால் பெட்டிகள் நனைந்துவிட்டன. 170 பெட்டிக்கு, வரியோடு சேர்த்து பெட்டிக்கு 25 ரூபாய் வீதம், 4,250 ரூபாய்க்கு நாங்கள் கிரெடிட் நோட் கொடுத்திருந்தோம். அது லெட்ஜரில் இருந்தது, ஆனால் 437-உடன் சேர்க்கப்படாமல் தனியாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

பணத்தைப் பிரிப்பதற்கு முன்னால் இப்படித் தொங்குவதை எல்லாம் உரிய பில்லில் சேர்த்துவிட வேண்டும். கிரெடிட் நோட், பழைய அட்வான்ஸ், போன மாதம் எங்கே போடுவதென்று தெரியாமல் விட்டுவைத்த சில்லறைத் தொகை, எல்லாம். சேர்த்த பிறகு 437-இன் பாக்கி 58,000 ஆகிறது, மொத்தப் பாக்கி 1,96,750 ஆகிறது. இந்த எண்ணிலிருந்துதான் தொடங்க வேண்டும். இதைச் செய்யாமல் கடிதம் அனுப்பினால், பிரித்த விதத்தைப் பற்றி அவர்கள் பேசவே மாட்டார்கள். "எங்க கிரெடிட் நோட் எங்கே?" என்பதுதான் முதல் கேள்வியாக வரும்.

எந்த பில்லுக்கு என்று யார் முடிவு செய்வது

இதில் புதியவர்கள் நிறையப் பேருக்கு ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. பணம் நம் கணக்குக்கு வந்துவிட்டது, எதில் போடுவது என்பது நம் இஷ்டம் என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் 59, 60, 61 ஆகிய மூன்று பிரிவுகள் இதற்காகவே இருக்கின்றன. மூன்றையும் சேர்த்துப் படித்தால் ஒரு வரிசை கிடைக்கிறது.

முதல் உரிமை பணம் கொடுப்பவருக்கு. "இது இன்ன பில்லுக்கு" என்று அவர் சொல்லிக் கொடுத்து, நாம் வாங்கிக்கொண்டால், அந்த பில்லில்தான் வரவு வைக்க வேண்டும். வாய்விட்டோ எழுதியோ சொல்லியிருக்க வேண்டும் என்றுகூட இல்லை, சூழ்நிலையிலிருந்து தெரிந்தாலே போதும். சட்டத்திலேயே ஒரு எடுத்துக்காட்டு இருக்கிறது. ஒருவர் பல கடன்கள் வைத்திருக்கிறார். அவற்றில் 567 ரூபாய்க் கடன் ஒன்று. கடன் கொடுத்தவர் அந்த 567 ரூபாயைக் கேட்டு எழுதுகிறார். அவரும் சரியாக 567 ரூபாய் அனுப்புகிறார். அப்படியானால் அது அந்தக் கடனுக்குத்தான். எங்கள் கணக்கிலும், ஒரு லட்சத்துக்குப் பதிலாக 84,000 வந்திருந்தால் நான் யோசிக்கவே மாட்டேன். 412-உம் 451-உம் சேர்ந்தால் சரியாக 84,000. தொகையே பேசிவிடுகிறது.

அவர் எதுவும் சொல்லவில்லை, சூழ்நிலையிலிருந்தும் தெரியவில்லை என்றால்தான் நம் உரிமை வருகிறது. அதிலும் ஒரு எல்லை உண்டு. சட்டப்படி சரியான, கொடுக்க வேண்டிய வேளை வந்துவிட்ட கடனில்தான் நாமாக வரவு வைக்கலாம். எங்கள் பட்டியலில் 468-க்குக் கெடு ஆகஸ்ட் 21. பணம் வந்தது 8-ஆம் தேதி. ஆகவே நானாக 468-ஐத் தொடக்கூடாது.

இரண்டு பேருமே எதையும் ஒதுக்கவில்லை என்றால், காலவரிசைப்படி பழைய கடன் முதலில் அடைகிறது. இதனால்தான் பெரும்பாலான அலுவலகங்களில் "பழைய பில் முதலில்" என்ற பழக்கம் நிலைத்திருக்கிறது. நானும் அதைத்தான் சொல்வேன். பழைய பில்லை விட்டுவிட்டுப் புதியதில் வரவு வைத்து, பழையதற்கு வட்டி ஏற விடும் ஆட்களும் இருக்கிறார்கள். ஒரு முறை கண்டுபிடித்துவிட்டால் அதற்கப்புறம் அந்த வாடிக்கையாளர் நாம் அனுப்பும் எந்தக் கணக்கையும் நம்ப மாட்டார்.

அவர்கள் சொன்னார்களா என்று தேடுங்கள்

எங்கே தேடுவது? ஸ்டேட்மென்ட்டில் வரும் விவரக் குறிப்பில் சில சமயம் பில் நம்பர் இருக்கும். கம்பெனி மின்னஞ்சலில் பேமென்ட் அட்வைஸ் வந்திருக்கலாம். எல்லாவற்றையும் விட முக்கியமான இடம், நம் சேல்ஸ் ஆளின் வாட்ஸ்அப். வாடிக்கையாளரின் அலுவலகத்துக்குத் தெரிந்த முகம் அவர்தான். பணம் போட்டதும் ஸ்க்ரீன்ஷாட்டை அவருக்குத்தான் அனுப்புவார்கள். அவர் கட்டைவிரலைக் காட்டிவிட்டு அடுத்த ஊருக்கு வண்டியை எடுத்துவிடுவார்.

நான் மின்னஞ்சலைப் பார்த்தேன், ஸ்டேட்மென்ட்டைப் பார்த்தேன். சேல்ஸ் ஆளைக் கேட்கவில்லை. அது என்ன செய்தது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

பதிவு போடுவது

எந்தக் குறிப்பும் இல்லை என்று நினைத்துக்கொண்டு பழைய பில் முதலில் என்று பிரித்தேன். 412-க்கு 48,600 முழுதாகப் போனது. மீதி 51,400 அப்படியே 437-க்குப் போனது. அதில் 6,600 பாக்கி. 451 அப்படியே 35,400, 468 அப்படியே 54,750. பாக்கிகளைக் கூட்டிப் பாருங்கள், 96,750. முன்பிருந்த 1,96,750-இல் ஒரு லட்சம் போனால் அதே 96,750. இந்த இரண்டும் ஒத்துப்போகாமல் எதையும் அனுப்பாதீர்கள். அரை நிமிட வேலை இது.

டாலியில் போடுபவர்களுக்கு ஒரு வார்த்தை. `F6` அழுத்தி ரசீது போடும்போது, வாடிக்கையாளர் பெயருக்குக் கீழே `Bill-wise Details` திரை வரும். அதில் `Agst Ref` என்பதைத் தேர்ந்தால் பாக்கி பில்கள் பட்டியலாக நிற்கும். 412-ஐத் தேர்ந்து 48,600, அடுத்த வரியில் 437-ஐத் தேர்ந்து 51,400 என்று அடித்தால் போதும். அவசரத்தில் பலரும் `On Account` போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். அப்படிப் போட்டால் மொத்தப் பாக்கி சரியாகத்தான் காட்டும். ஆனால் நான்கு பில்லும் திறந்தே இருக்கும், ஒரு லட்சம் கீழே ஓர் ஓரத்தில் தனியாக நிற்கும். அடுத்த திங்கட்கிழமை வசூல் பையன் அந்தப் பட்டியலைப் பார்த்து 412-க்குப் பணம் கேட்டு போன் செய்வான். பணம் கொடுத்த பில்லுக்கே மறுபடி கேட்டால் யாருக்குத்தான் கோபம் வராது? `New Ref` போடுவது அதைவிட மோசம். வந்த பணத்துக்கே புதிதாக ஒரு பில் நம்பர் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

கிரெடிட் நோட்டையும் அதே மாதிரி `Agst Ref` கொடுத்து 437-உடன் கட்டிவிடுங்கள். முதலில் சொன்ன "தொங்குவதைச் சேர்ப்பது" என்பது இதுதான்.

எழுதுவது

எங்கள் அலுவலகத்தில் நான் சேர்ந்த புதிதில் வாடிக்கையாளருக்குப் போன செய்தி இப்படித்தான் இருக்கும்:

> தங்கள் தொகை ரூ. 1,00,000 பெறப்பட்டு பழைய பில்களில் வரவு வைக்கப்பட்டது. மீதம் ரூ. 96,750-ஐ விரைவில் அனுப்பவும்.

பொய் எதுவும் இல்லை. ஆனால் இதைப் படித்து அந்தப் பக்கக் கணக்காளர் அம்மா தன் லெட்ஜரில் ஒரு வரிகூட எழுத முடியாது. பழைய பில் என்றால் எது? எவ்வளவு? கிரெடிட் நோட் சேர்ந்ததா? 96,750-இல் இன்று கொடுக்க வேண்டியது எவ்வளவு, கெடு வராதது எவ்வளவு? நான்கு கேள்விக்கும் நமக்கு போன் வரும், அல்லது வரவே வராது. இரண்டாவதுதான் ஆபத்து.

செய்தி சரியாக இருக்கிறதா என்று பார்க்க நான் வைத்திருக்கும் சோதனை ஒன்றே ஒன்று. நமக்கு போன் செய்யாமல், இந்தச் செய்தியை மட்டும் வைத்துக்கொண்டு அவர்களால் தங்கள் கணக்கில் பதிவு போட முடியுமா? இப்போது நாங்கள் அனுப்புவது இப்படி:

> வணக்கம் மேடம்.
>
> ஆகஸ்ட் 8 அன்று என்.இ.எஃப்.டி. மூலம் தாங்கள் அனுப்பிய ரூ. 1,00,000 கிடைத்தது. (யு.டி.ஆர். நம்பர் கீழே இணைத்த ரசீதில் உள்ளது.) எந்த பில்லுக்கு என்ற குறிப்பு எங்களுக்குக் கிடைக்காததால், கெடு முடிந்த பில்களில் பழையது முதலாக வரவு வைத்துள்ளோம்.
>
> பில் 412 (ஜூன் 3): பாக்கி 48,600. வரவு 48,600. முழுதும் அடைந்தது.
> பில் 437 (ஜூன் 19): பில் தொகை 62,250, நனைந்த பெட்டிகளுக்கான கிரெடிட் நோட் 4,250 போக 58,000. வரவு 51,400. பாக்கி 6,600.
> பில் 451 (ஜூலை 5): வரவு இல்லை. பாக்கி 35,400.
> பில் 468 (ஜூலை 22): வரவு இல்லை. பாக்கி 54,750. கெடு ஆகஸ்ட் 21.
>
> மொத்தப் பாக்கி ரூ. 96,750. இதில் கெடு முடிந்தது ரூ. 42,000.
>
> தாங்கள் வேறு பில்லுக்காக அனுப்பியிருந்தால் ஆகஸ்ட் 14-க்குள் தெரிவியுங்கள், மாற்றிக்கொள்கிறோம்.

சில இடங்களை மட்டும் கவனியுங்கள். பணம் போகாத 451-உம் 468-உம் செய்தியில் இருக்கின்றன. புதியவர்கள் தொட்ட பில்லை மட்டும் எழுதுவார்கள். தொடாத பில்லையும் "வரவு இல்லை" என்று எழுதினால்தான் நான்கு வரியையும் கூட்டி மொத்தத்தை அவர்களே சரிபார்க்க முடியும். 437-க்கு 62,250-இலிருந்து 58,000-க்கு எப்படி வந்தோம் என்பது அந்த வரியிலேயே இருக்கிறது. அவர்கள் லெட்ஜரில் 62,250-தான் எழுதியிருக்கலாம் அல்லவா?

"எந்த பில்லுக்கு என்ற குறிப்பு கிடைக்காததால்" என்ற சொற்களை நான் எப்போதும் விடமாட்டேன். ஏன் இப்படிப் பிரித்தோம் என்பதற்குக் காரணம் அதுதான். குறிப்பு ஏதாவது அனுப்பியிருந்தால் அந்த வரியைப் படித்ததும் உடனே போன் செய்வார்கள். கடைசி வரியில் தேதி போட்டிருப்பதும் காரணத்தோடுதான். "ஏதேனும் மாற்றம் இருந்தால் தெரிவிக்கவும்" என்று மட்டும் எழுதினால் அது பிப்ரவரியில் தெரிவிக்கப்படும்.

பணம் கேட்பதை இந்தச் செய்தியில் கலக்காதீர்கள். கெடு முடிந்தது எவ்வளவு என்று சொல்லியாயிற்று, அது போதும். "உடனே அனுப்பவும்" என்று ஒரு வரி சேர்த்துவிட்டால், படிப்பவர் கணக்கைப் பார்க்காமல் நேராக முதலாளியிடம் கொண்டுபோய் நீட்டிவிடுவார். வசூலுக்குத் தனியாக இன்னொரு நாள் பேசலாம்.

திங்கட்கிழமை வந்த போன்

"ஏங்க, 437-ல எதுக்குங்க போட்டீங்க? அந்தப் பெட்டிக் கணக்கே இன்னும் முடியலையே."

"குறிப்பு எதுவும் வரலைங்க மேடம், அதனாலதான் பழசுல போட்டோம்."

"வரலையா? அன்னைக்கே உங்க சேல்ஸ் தம்பிக்கு அனுப்பினேனே. 412-உம் 451-உம் முழுசா, மீதி 468-லன்னு."

சேல்ஸ் தம்பியின் போனை வாங்கிப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை காலை 11:40. ஸ்க்ரீன்ஷாட்டும் இருந்தது, பில் நம்பரும் இருந்தது, கீழே அவருடைய கட்டைவிரலும் இருந்தது.

பணம் கொடுக்கும்போதே சொல்லியிருக்கிறார்கள். நம் ஆளிடம் சொன்னால் நம்மிடம் சொன்ன மாதிரிதான். ஆகவே இங்கே வாதாட ஒன்றும் இல்லை, அவர்கள் சொன்னபடி மாற்றியே ஆக வேண்டும். அவர்கள் சொல்லாமல் இருந்து, நாம் பிரித்து எழுதி அனுப்பிய பிறகு மனம் மாறியிருந்தால் நிலைமை வேறு. அப்போது மாற்றுவது நம் விருப்பம். பெரும்பாலும் நான் மாற்றிக் கொடுத்துவிடுவேன், மொத்தப் பாக்கி மாறப்போவதில்லை. ஆனால் பழைய பில் ஒன்றைக் காலம் முழுக்கத் தள்ளிக்கொண்டே போவதற்காகக் கேட்கிறார்கள் என்று தெரிந்தால் மேலாளரிடம் கேட்காமல் மாற்றாதீர்கள்.

சரி, அவர்கள் சொன்னபடி பிரித்தால் என்ன வருகிறது? 412-க்கு 48,600, 451-க்கு 35,400, சேர்த்து 84,000. மீதி 16,000 கெடு வராத 468-க்கு. அதில் நாமாகத்தான் போடக்கூடாது, அவர்களே சொன்னால் தாராளமாகப் போடலாம். 437 முழுதாக 58,000 நிற்கிறது, 468-இல் 38,750 நிற்கிறது. மொத்தம் அதே 96,750.

மொத்தம் மாறவில்லை, ஆனால் கெடு முடிந்த தொகை மாறிவிட்டது. முதல் பிரிவில் 42,000 இருந்தது, இப்போது 58,000. அவர்களுடைய 16,000 கெடு வராத பில்லுக்குப் போய்விட்டதல்லவா? இதைச் செய்தியில் சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் விட்டு அடுத்த வாரம் 58,000-க்கு நினைவூட்டல் அனுப்பினால், "42,000-ன்னு நீங்கதானே எழுதினீங்க" என்பார்கள்.

அப்புறம் அந்தப் பெட்டிக் கணக்கு. நாங்கள் 170 பெட்டி நனைந்தது என்று கிரெடிட் நோட் கொடுத்திருக்கிறோம். அவர்கள் 320 என்கிறார்கள். 150 பெட்டி வித்தியாசம், 3,750 ரூபாய். இந்த 3,750-க்காகத்தான் 58,000 ரூபாய் பில்லையே ஓரமாக வைத்திருக்கிறார்கள். இது எல்லாத் தொழிலிலும் நடப்பது. தகராறு சின்னத் தொகையில் இருக்கும், நிற்பது முழு பில்லாக இருக்கும். அதனால் செய்தியில் தகராறுத் தொகையைத் தனியாகப் பிரித்துக் காட்டுங்கள்:

> ஆகஸ்ட் 9 அன்று நாங்கள் அனுப்பிய விவரத்தை ரத்தாகக் கொள்ளவும். தாங்கள் ஆகஸ்ட் 8 அன்று எங்கள் விற்பனைப் பிரதிநிதிக்கு அனுப்பிய குறிப்பின்படி ரூ. 1,00,000-ஐ இவ்வாறு மாற்றியுள்ளோம்.
>
> பில் 412: வரவு 48,600. அடைந்தது.
> பில் 437: வரவு இல்லை. பாக்கி 58,000. இதில் 150 பெட்டிக்கான ரூ. 3,750 பேச்சில் உள்ளது. மீதி ரூ. 54,250.
> பில் 451: வரவு 35,400. அடைந்தது.
> பில் 468: வரவு 16,000. பாக்கி 38,750. கெடு ஆகஸ்ட் 21.
>
> மொத்தப் பாக்கி முன்போலவே ரூ. 96,750. ரூ. 16,000 பில் 468-க்குச் சென்றதால், கெடு முடிந்த தொகை ரூ. 42,000-க்குப் பதில் ரூ. 58,000 ஆகிறது.

"ரத்தாகக் கொள்ளவும்" என்பது முதல் வரியிலேயே இருக்கட்டும். இரண்டு செய்தியும் அவர்கள் கோப்பில் கிடக்கும். எது கடைசி என்று தேதியை ஒப்பிட்டுக் கண்டுபிடிக்கும் வேலையை அவர்களுக்கு வைக்காதீர்கள். நம் பக்கத்தில் பழைய ரசீதை அழித்துவிட்டுப் புதிதாகப் போடாமல், அதே ரசீதைத் திறந்து பில்வாரிப் பிரிவை மட்டும் மாற்றுங்கள். அழித்தால் பேங்க் ரீகன்சிலியேஷனில் போட்ட தேதியும் போய்விடும்.

அவர்கள் ஏன் இவ்வளவு பார்க்கிறார்கள்

மொத்தம் ஒன்றுதானே, எந்த பில்லாக இருந்தால் அவர்களுக்கு என்ன என்று தோன்றலாம். வரியில் அவர்களுக்கு இது பெரிய விஷயம். சரக்கு வாங்கியவர், பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் விற்றவருக்குப் பணம் கொடுக்காவிட்டால், அந்த பில்லில் எடுத்த ஜி.எஸ்.டி. உள்ளீட்டு வரியை, கொடுக்காத தொகையின் அளவுக்கு, வட்டியோடு திருப்ப வேண்டும். பணம் கொடுத்தபின் மறுபடி எடுத்துக்கொள்ளலாம். 437-இன் தேதி ஜூன் 19. அதற்கு 180-ஆம் நாள் டிசம்பர் 16. முதல் பிரிவின்படி அன்று நிற்கக்கூடியது 6,600-தான். அவர்கள் கேட்ட பிரிவின்படி 58,000. போனில் அந்த மேடத்திடம் இதைச் சொன்னபோது சற்று நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "ஆடிட்டரைக் கேட்டுட்டுச் சொல்றேங்க" என்றார்.

விற்பவர் உத்யம் பதிவு செய்த குறு, சிறு உற்பத்தியாளராக இருந்தால் இன்னொன்றும் உண்டு. ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள், இல்லையென்றால் 15 நாள். அதற்குள் கொடுக்காமல் மார்ச் 31 தாண்டினால், அந்தச் செலவை வருமான வரியில் அந்த ஆண்டு கழிக்க முடியாது, பணம் கொடுத்த ஆண்டில்தான் கழிக்கலாம். ஆகவே மார்ச் மாதம் வரும் பகுதிப் பணத்தை எதில் போட்டோம் என்பதைப் பற்றி அவர்கள் ஆடிட்டர் நிச்சயம் கேட்பார். பிப்ரவரி, மார்ச்சில் வரும் ரவுண்டுத் தொகைகளுக்கு அன்றன்றே செய்தி அனுப்பிவிடுங்கள்.

வழியில் தட்டுப்படும் இரண்டு மூன்று

தொகை கொஞ்சம் குறைந்து வந்தால் உடனே "பகுதிப் பணம்" என்று முடிவு கட்டாதீர்கள். ஜாப் ஒர்க் பில்லாக இருந்தால் ஜி.எஸ்.டி. நீங்கலான தொகையில் 1 அல்லது 2 சதவீதம் டி.டி.எஸ். பிடித்திருக்கலாம். தனிநபர் நடத்தும் தொழில் என்றால் 1, கூட்டு நிறுவனமோ கம்பெனியோ என்றால் 2. அந்தக் கணக்குக்கு ஒத்துப்போனால் பில் அடைந்துவிட்டது. செய்தியில் "வரவு இவ்வளவு, டி.டி.எஸ். இவ்வளவு, பாக்கி இல்லை" என்று எழுதுங்கள்.

காசோலையாக வந்தால் தேறும்வரை விவரம் அனுப்பாதீர்கள். அனுப்பித்தான் ஆக வேண்டும் என்றால் "காசோலை தேறியபின்" என்ற சொல் கட்டாயம் இருக்கட்டும். திரும்பி வந்த காசோலைக்காக அடைந்த பில்லை மறுபடி திறப்பது எரிச்சலான வேலை, அதை எழுதிச் சொல்வது இன்னும் எரிச்சல்.

தாமத வட்டிக்கு டெபிட் நோட் போட்டிருக்கிறீர்கள் என்று வையுங்கள். வந்த பணத்திலிருந்து சத்தமில்லாமல் அந்த வட்டியை எடுத்துக்கொண்டு மீதியை மட்டும் பில்லில் போடுகிறவர்கள் உண்டு. வட்டியை எடுப்பதாக இருந்தால் அதையும் ஒரு வரியாகக் காட்டுங்கள். காட்டத் தயக்கமாக இருக்கிறது என்றால் முதலாளியிடம் பேசிவிட்டு எடுங்கள்.

பதில் வந்த பிறகு

இரண்டு நாள் கழித்து மேடத்திடமிருந்து பதில் வந்தது. 468-இல் போட்ட 16,000-ஐ எடுத்து 437-இல் போடச் சொன்னார்கள், 3,750-ஐ மட்டும் நிறுத்திவைக்கச் சொன்னார்கள். மூன்றாவது முறையாக மாற்றினோம். 437-இல் 42,000 பாக்கி, 468-இல் 54,750 பாக்கி, மொத்தம் மறுபடியும் 96,750. இந்த முறை செய்தியின் கீழே "ஓகே" வந்தது.

அந்த "ஓகே"-வை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து ரசீதோடு சேர்த்து வையுங்கள். ஆனால் அதையே பாக்கி உறுதிக் கடிதமாக நினைத்துவிட வேண்டாம். சரக்கு விற்ற பணத்துக்கு வழக்குப் போட மூன்று ஆண்டுதான் காலவரம்பு. அதற்குள் வாடிக்கையாளர் பாக்கியை ஒப்புக்கொண்டு எழுதிக் கையெழுத்துப் போட்டால் அந்த நாளிலிருந்து புதிதாக எண்ணத் தொடங்கலாம். ஆகவே மார்ச் 31 தேதியிட்டு, பில்வாரிப் பாக்கியோடு ஒரு தாள் அனுப்பி, சீலும் கையெழுத்தும் வாங்கிவிடுங்கள். அந்தத் தாளில் 437-க்கு எதிரே 3,750 இன்னும் நின்றால், அதையும் "பேச்சில் உள்ளது" என்றே எழுதுங்கள். எங்களுடையது நிற்கவில்லை. அக்டோபரில் 75 பெட்டிக்கு இன்னொரு கிரெடிட் நோட் போட்டு முடித்துக்கொண்டோம்.